குழு புராஜெக்ட் ரிஃப்ளெக்‌ஷனில் உங்கள் பங்கை உள்ளபடி எழுதுவது

கேள்வி: நான்கு பேர் சேர்ந்து செய்த புராஜெக்டுக்கு, அவரவர் பங்கைப் பற்றித் தனித்தனியாக 1000 சொற்களில் ரிஃப்ளெக்‌ஷன் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் செய்தது பெரும்பாலும் எல்லோருடைய டேட்டாவையும் சேர்த்துச் சுத்தம் செய்ததும், ரிப்போர்ட்டில் ஒரு பகுதி எழுதியதும்தான். ஒருவர் கிட்டத்தட்ட எதுவுமே செய்யவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் மார்க் குறையுமா? எப்படித்தான் எழுதுவது?

பதில்:

பங்கு சின்னது என்பதற்காக மார்க் குறைவது அபூர்வம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாமல் போனால்தான் குறையும். ஆனால் முதலில் உங்களுக்குக் கொடுத்த மதிப்பீட்டு அளவுகோலை எடுத்துப் பாருங்கள். சில இடங்களில் ரிஃப்ளெக்‌ஷனுக்குத் தனி மார்க் இருக்கும், அதில் நீங்கள் எவ்வளவு வேலை செய்தீர்கள் என்பதைவிட செய்ததை எப்படி அலசியிருக்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். வேறு சில இடங்களில் குழுவுக்குக் கொடுத்த மார்க்கை ஒவ்வொருவரின் பங்குக்கு ஏற்ப ஏற்றி இறக்க இதே எழுத்தைப் பயன்படுத்துவார்கள். இரண்டாவது வகையென்றால், செய்ததைக் குறைத்துச் சொல்வதும் தப்பான தகவல்தான், அடக்கத்துக்காக எதையும் விட்டுவிட வேண்டாம்.

பல வருடங்களாக இப்படிப்பட்ட எழுத்துகளைத் திருத்தி வருகிறேன், அதனால் ஒன்று சொல்கிறேன். நாங்கள் ஒரு குழுவின் நான்கு ரிஃப்ளெக்‌ஷன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கிறோம். மூன்று பேர் தனித்தனியாக "நான் தலைமை தாங்கினேன்" என்று எழுதியிருப்பதும், யாருமே பேசாத ஒரு வேலை ரிப்போர்ட்டில் முடிந்து கிடப்பதும் அப்போது பளிச்சென்று தெரியும். அதே போல, ஒருவர் "நான் கொடுத்த படிவத்தை அவர் இரண்டாகப் பிரித்தார்" என்று எழுத, மற்றவர் "அவர் கொடுத்த படிவத்தை நான் இரண்டாகப் பிரித்தேன்" என்று எழுதியிருந்தால், இருவர் சொல்வதையும் நம்ப வேறு சான்றே தேவைப்படாது. உங்கள் கை எங்கே தொடங்கி எங்கே நின்றது என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டால், அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழுதியதோடு அது தானாகவே பொருந்திவிடும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஞாபகத்திலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூறு சதவீதத்தைத் தாண்டியது. பெருமைக்காகத்தான் கூட்டிச் சொன்னார்கள் என்றும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் சண்டைக்குக் காரணமாவது போன்ற நல்ல பெயர் தராத விஷயங்களிலும் இந்தப் போக்கு தெரிந்தது. நாம் செய்தது நமக்குச் சட்டென்று ஞாபகம் வருகிறது, அடுத்தவர் இரவில் உட்கார்ந்து செய்தது நம் கண்ணில் படவே இல்லை, அவ்வளவுதான் காரணம். நான்கு பேர் நேர்மையாக, மனசாட்சிப்படி எழுதினாலும் மொத்தம் எகிறும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

அதனால் முதல் மாலை எழுதவே வேண்டாம், தடயங்களை எடுங்கள். ரிப்போர்ட் கூகுள் டாக்ஸில் இருந்தால் அதன் Version history-ஐத் திறந்து எந்தப் பத்தி யார் பெயரில் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். குழுவின் வாட்ஸ்அப் பேச்சில் "சரி", "மாற்றலாமா", "அனுப்பிவிட்டேன்" மாதிரி சொற்களைத் தேடுங்கள், முடிவுகள் எடுக்கப்பட்ட இடங்கள் அங்கேதான் சிக்கும். கோட் எழுதிய புராஜெக்ட் என்றால் இந்த இரண்டு வரி போதும்:

```
git shortlog -sn
git log --author="உங்கள் பெயர்" --oneline --stat
```

தடயங்களுக்கும் ஒரு எல்லை உண்டு. கோடில் சேர்ந்த வரிகளை எண்ணிப் பங்கைச் சொல்வது பெரிய ஏமாற்று வேலையாகிவிடும், package-lock.json மாதிரி தானாக உருவாகும் ஒரு கோப்பை யார் ஏற்றினாரோ அவர் பெயரில் ஆயிரக்கணக்கான வரிகள் ஏறி நிற்கும். இரண்டு பேர் ஒரே திரை முன்னால் உட்கார்ந்து செய்த வேலை, கீபோர்டு யார் கையில் இருந்ததோ அவர் பெயரில்தான் பதிவாகும். டாக்ஸிலும் அப்படித்தான், வேறு எங்கோ எழுதி மொத்தமாக ஒட்டியவர் ஒரே நிமிடத்தில் மூன்று பக்கம் எழுதியவர் போலத் தெரிவார். அதனால் எண்ணிக்கையை விடுங்கள், தேதியையும் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை வந்தது என்ற வரிசையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது அதுதான்.

உங்கள் புராஜெக்ட் எதைப் பற்றியது என்று நீங்கள் சொல்லவில்லை. டேட்டா சுத்தம் செய்தேன் என்கிறீர்கள், அந்த மாதிரி ஒன்றை நானே கற்பனையாக எடுத்து முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். 80 இருக்கை உள்ள ஒரு நூலக வாசிப்பு அறை. எந்த நேரத்தில் எவ்வளவு நிரம்புகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான்கு பேர் முறை வைத்து, ஐந்து நாள், காலை 9 முதல் மாலை 5 வரை ஒவ்வொரு மணிக்கும் போய் எண்ணினார்கள். படிவத்தில் "நிரம்பியவை" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. நான்கு தாள்களையும் ஒரே ஷீட்டில் சேர்க்கும் வேலை இந்த மாணவருடையது. அவர் முதலில் எழுதிக்கொண்டு வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"இந்த புராஜெக்டில் நான் டேட்டா பகுப்பாய்வாளராகச் செயல்பட்டேன். நாங்கள் அனைவரும் சிறந்த ஒத்துழைப்புடன் பணியாற்றினோம். சில சவால்கள் எழுந்தன, ஆனால் நல்ல தகவல் தொடர்பின் மூலம் அவற்றை வென்றோம். குழுவாக வேலை செய்வதன் முக்கியத்துவத்தைக் கற்றுக்கொண்டேன்."

இதில் பொய் என்று எதுவும் இல்லை, ஆனால் எந்தக் குழுவில் எந்த புராஜெக்ட் செய்தவரும் இதில் ஒரு சொல்லை மாற்றாமல் கையெழுத்துப் போடலாம். "பகுப்பாய்வாளர்" என்பது பதவிப் பெயர்தான், அவர் என்ன செய்தார் என்று அதில் தெரியவில்லை. "சவால்கள் எழுந்தன" என்றால் என்ன சவால், யார் கண்ணில் முதலில் பட்டது? "வென்றோம்" என்றால் எதைச் செய்து? திருத்துகிறவர் ஓரத்தில் எழுதும் கேள்விகள் இவைதான், அவர் எழுதுவதற்கு முன்னால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

அந்த மாணவரிடம் உட்கார்ந்து பேசினால் கதை வேறு மாதிரி வரும். தாள்களைச் சேர்த்து ஒரு கோட்டுப்படம் போட்டபோது, திங்கள் 11 மணிக்கு 41 என்றும் செவ்வாய் 11 மணிக்கு 63 என்றும் இருந்தது. செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம் போல என்று எழுதிவிட்டு அவர் நகர்ந்திருக்கலாம். புதன்கிழமையைப் பார்த்தபோதுதான் உறுத்தியது, 12 மணிக்கு 44 ஆக இருந்தது 1 மணிக்கு 66. ஒரே மணி நேரத்தில், அதுவும் சாப்பாட்டு நேரத்தில், இருபதுக்கு மேல் ஆட்கள் உள்ளே வருவார்களா? முறை அட்டவணையை எடுத்துப் பார்த்தார், சரியாக அந்த 1 மணிக்குத்தான் எண்ணும் ஆள் மாறியிருக்கிறார். நான்கு பேரிடமும் கேட்டார். இரண்டு பேர் ஆள் உட்கார்ந்திருந்தால் மட்டும் எண்ணியிருக்கிறார்கள், மற்ற இரண்டு பேர் பையோ புத்தகமோ வைத்துப் பிடித்த இருக்கையையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள்.

பிறகு என்ன நடந்தது என்பதில்தான் பங்கின் எல்லை தெரிகிறது. பையை எத்தனை இருக்கையில் பார்த்தோம் என்று யாரும் தனியாகக் குறிக்காததால், கணக்குப் போட்டு ஒன்றை மற்றொன்றாக மாற்ற வழியே இல்லை. ஒரே மாதிரி எண்ணியவர்களின் நாட்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். ஆள் ஒரு கட்டம், பை ஒரு கட்டம் என்று பிரித்து இரண்டு நாள் மறுபடி எண்ணலாம் என்று இவர் சொன்னார். குழு இரண்டாவதை எடுத்தது. மறுபடி எண்ணப் போனது இவர் அல்ல, வேறு இரண்டு பேர். இந்த அளவு தெரிந்துவிட்டால், பத்தி இப்படி ஆகிறது:

"நான்கு தாள்களையும் ஒரே ஷீட்டில் சேர்த்தது நான். புதன்கிழமை 12 மணிக்கு 44 ஆக இருந்த எண்ணிக்கை 1 மணிக்கு 66 ஆனதைக் கோட்டுப்படத்தில் கவனித்தேன், அதே நேரத்தில் எண்ணுபவர் மாறியிருந்ததை முறை அட்டவணையில் சரிபார்த்தேன். பை வைத்த இருக்கைகளை இருவர் சேர்த்தும் இருவர் விட்டும் எண்ணியது விசாரித்தபோது தெரிந்தது. ஆள், பை என்று இரண்டு கட்டங்களாகப் பிரித்து மறுபடி எண்ணலாம் என்பது என் யோசனை. புதிய படிவத்தை நான் தயாரித்தேன், இரண்டு நாள் எண்ணியவர்கள் குழுவின் வேறு இருவர். முதல் படிவத்தை நான் தயாரிக்கவில்லை, ஆனால் தொடங்குவதற்கு முன் அதைப் பார்த்துச் சரி என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். குறையை ஒருவர் தலையில் போடுவதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தும், தன் சம்மதத்தையும் சேர்த்துச் சொல்கிறார். படிக்கிறவர் அதற்கப்புறம் வரும் எல்லாவற்றையும் நம்பத் தொடங்குவது அங்கேதான். "நான்", "நாங்கள்" என்ற இரண்டையும் எங்கே போடுவது என்பதும் இதில் தெரியும். முடிவு எல்லோருடையதும் என்றால் "நாங்கள்" அல்லது "குழு", யோசனையோ கைவேலையோ ஒருவருடையது என்றால் அவருடையது. தமிழில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு, "செய்யப்பட்டது", "முடிவெடுக்கப்பட்டது" என்று எழுதினால் கட்டுரைக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டதாக நினைப்போம். ரிப்போர்ட்டில் அது பரவாயில்லை. ரிஃப்ளெக்‌ஷனில் அது செய்தவரை மறைத்துவிடுகிறது, அப்படி ஒவ்வொரு வினைச்சொல்லையும் நிறுத்தி "யார்?" என்று கேட்டுத் திருத்துங்கள்.

இதுவரை எழுதியது விவரிப்புதான், அதற்கே எல்லாச் சொற்களையும் செலவழித்துவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் கிரகாம் கிப்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் 1988-இல் கொடுத்த வட்டத்தைப் பின்பற்றச் சொல்வார்கள். என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள், எது சரியாகப் போனது எது போகவில்லை, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வீர்கள் என்ற ஆறு படிகள். ஆறுக்கும் சம அளவு இடம் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 1000 சொற்களில் நடந்தது 300-க்குள் முடிந்துவிட்டால், "ஏன்" என்பதற்கு 400 கூடக் கொடுக்கலாம், நான் படிக்கும்போது நின்று படிப்பது அந்தப் பகுதியைத்தான். உணர்ச்சிக்கு ஒன்றிரண்டு வாக்கியம் போதும், ஆனால் அது ஏதாவது ஒரு செயலோடு ஒட்டியிருக்க வேண்டும். "பதற்றமாக இருந்தது" என்று மட்டும் எழுதாமல், "ஐந்து நாள் வேலை வீணாகிவிட்டது என்று சொல்லத் தயங்கி ஒரு நாள் தள்ளிப்போட்டேன், அதனால் மறுபடி எண்ண இரண்டு நாள்தான் மிஞ்சியது" என்றால் அந்தத் தயக்கத்துக்கு ஒரு விளைவு இருந்தது தெரிகிறது.

"ஏன்" என்பதில் முதலில் தோன்றும் பதிலோடு நின்றுவிடாதீர்கள். "தகவல் பரிமாற்றம் சரியில்லை" என்பது எப்போதுமே முதலில் தோன்றும், எல்லாவற்றுக்கும் பொருந்தும், எதையும் விளக்காது. வாசிப்பு அறைக் குழுவில் நான்கு பேரும் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கோளாறு வேறு இடத்தில். "நிரம்பியது" என்பதற்கு ஒவ்வொருவர் மனதிலும் ஒரு அர்த்தம் இருந்தது, அது எல்லோருக்கும் அவ்வளவு வெளிப்படையாகப் பட்டதால் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே அறையை எண்ணும் சந்தர்ப்பம் அட்டவணையில் ஒரு முறைகூட வரவில்லை, அதனால் வித்தியாசம் வெளியே வர வழியும் இல்லை. இந்த இரண்டு காரணங்களையும் எழுதினால் அடுத்த முறைக்கான திட்டம் தானாக வந்துவிடும். "நன்றாகப் பேசிக்கொள்வோம்" என்பதற்குப் பதில், "படிவம் தயாரானதும் இருவர் ஒரே மணி நேரத்தில் தனித்தனியாக எண்ணி, இரண்டு எண்களும் ஒத்துப்போன பிறகே முதல் நாளைத் தொடங்குவோம்" என்று எழுதலாம். அதன் குறையையும் ஒரு வரியில் சேர்த்தால் இன்னும் நல்லது, அந்த இருவருக்கும் ஒரே தப்பான பழக்கம் இருந்தால் எண்கள் ஒத்துப்போகும், தப்பு வெளியே வராது. அதனால் ஜோடியை மாற்றி இன்னொரு முறையும் எண்ண வேண்டும்.

இப்போது வேலை செய்யாத அந்த ஒருவர் விஷயம். கோபம் நியாயமானதுதான், ஆனால் அதை எங்கே எழுதுவது என்பது முக்கியம். சக மாணவர்களை மதிப்பிடத் தனிப் படிவம் கொடுத்திருந்தால், யார் எதைச் செய்யவில்லை என்பது அங்கே போக வேண்டும், தேதியோடு. ரிஃப்ளெக்‌ஷனில் பெயர் வேண்டாம், "குழுவில் ஒருவர்" என்பது போதும். அவருடைய குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "அவர் சோம்பேறி" என்பது உங்கள் ஊகம். "வியாழக்கிழமைத் தாள் சனிக்கிழமை வரை வரவில்லை, இரண்டு முறை செய்தி அனுப்பினேன், அதன்பின் அந்த நாளை விட்டுவிட்டு அட்டவணையைப் போட்டேன்" என்பது நடந்தது. அதில் உங்கள் வேலை என்ன ஆனது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற இரண்டும் இருக்கின்றன, உங்கள் ரிஃப்ளெக்‌ஷனுக்கு வேண்டியது அந்த இரண்டும்தான்.

இதையும் ஒரு படி தாண்டி அலசலாம். குழுவாகச் செய்யும்போது ஒவ்வொருவரின் முயற்சியும் குறைவதை 1979-இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் கைதட்டவும் கத்தவும் வைத்துச் சோதித்தார்கள். கூட்டம் கூடக் கூட ஒரு ஆளுக்கு விழும் சத்தம் குறைந்தது. இதே மூவர் 1981-இல் செய்த சோதனையில், தன் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று ஒருவருக்குத் தெரிந்தபோது அந்தக் குறைவு காணாமல் போனது. உங்கள் குழுவில் அவருக்குக் கொடுத்த வேலை என்னவென்று இப்போது பாருங்கள். "பகுப்பாய்வில் உதவி" என்று கொடுத்திருந்தீர்களா, "வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாம் படத்துக்கான விளக்கம், ஒரு பக்கம்" என்று கொடுத்திருந்தீர்களா? முதல் வகை என்றால் அவர் செய்தாரா இல்லையா என்று சொல்லக்கூட முடியாது. அவர் மேல் பழி இல்லை என்று நான் சொல்லவரவில்லை, இரண்டாம் வகையில் கொடுத்தும் செய்யாமல் விட்டவர்கள் நிறைய உண்டு. ஆனால் வேலை எப்படிப் பிரிக்கப்பட்டது என்பது நான்கு பேரின் முடிவு, அதில் உங்கள் பங்கும் இருக்கிறது, அதைப் பற்றி எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவர் வீட்டிலோ உடம்பிலோ ஏதாவது பிரச்சினை என்று உங்களிடம் சொல்லியிருந்தால் அதை எழுதாதீர்கள், அது அவர் சொல்ல வேண்டியது.

ரிப்போர்ட்டில் எழுதிய பகுதியைப் பற்றியும் கேட்டீர்கள். "முடிவுகள் பகுதியை நான் எழுதினேன்" என்றால் எழுதும்போது என்ன மாறியது என்று யோசியுங்கள். எழுத உட்கார்ந்தால் அட்டவணையில் இருக்கும் எண்ணும் பத்தியில் இருக்கும் எண்ணும் வேறாக இருப்பது அடிக்கடி கண்ணில் படும். யாரிடம் கேட்டீர்கள், எது சரி என்று எப்படி முடிவு செய்தீர்கள்? மற்றவர் எழுதியதைச் சுருக்கினீர்களா, அவரிடம் சொல்லிவிட்டுச் சுருக்கினீர்களா? எதுவுமே மாறவில்லை, கொடுத்ததை ஒழுங்காக எழுதினேன், அவ்வளவுதான் என்றால் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு டேட்டா பக்கம் திரும்பிவிடுங்கள். இரண்டு வேலைக்கும் சமமாக இடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஒன்றை ஆழமாக எழுதினாலே 1000 சொற்கள் போதாமல் போகும்.

சதவீதம் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். படிவத்தில் கட்டம் இருந்தால் போட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது நால்வரும் தனித்தனியாக எழுதி, பிறகு ஒன்றாக வைத்துக் கூட்டிப் பாருங்கள். 100-க்கு மேல் போனால் யாரும் கோபப்பட வேண்டாம், தடயங்களை எடுத்து வைத்துப் பேசி இறக்குங்கள். கட்டம் இல்லையென்றால் நீங்களாகப் போடாதீர்கள், "35 சதவீதம் செய்தேன்" என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது, "புதிய படிவத்தை நான் தயாரித்தேன்" என்பதைச் சரிபார்க்கலாம்.

கடைசியாக, அனுப்புவதற்கு ஒரு நாள் முன்னால், உங்கள் வேலையைக் கையில் வாங்கியவர் யாரோ அவரிடம் அந்த விவரிப்புப் பகுதியை மட்டும் காட்டுங்கள். அலசல் பகுதி உங்களுடையது, அதைக் காட்ட வேண்டாம், அனுமதியும் இல்லாமல் இருக்கலாம். "நான் செய்ததாக இதில் இருப்பதில் நீ செய்தது ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். "அந்த இரண்டு கட்டம் யோசனை முதலில் நான்தானே சொன்னேன்" என்று அவர் சொன்னால், இருவரும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் அந்தத் தேதிக்குப் போய்ப் பாருங்கள். அவர் சொன்னது அங்கே இருந்தால் வாக்கியத்தை மாற்றிவிடுங்கள். எதுவும் கிடைக்கவில்லை என்றால் "பேச்சில் வந்த யோசனை, யார் முதலில் சொன்னது என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை" என்று அப்படியே எழுதலாம், அந்த வரிக்காக நான் இதுவரை யாருக்கும் மார்க் குறைத்ததில்லை.